ஒரு நாள் 6 சதவீதம் ரிஜெக்‌ஷன்: ஏதோ கெட்டுவிட்டதா, இல்லை சும்மா ஏறி இறங்குவதா?

வாளையார்தாண்டி

வணக்கம். கஞ்சிக்கோட்டில் ஒரு பவுண்டரியில் தர ஆய்வில் இருக்கிறேன். வீடு கோவைப் பக்கம், வேலை கேரளாவில். தினமும் வாளையார் தாண்டிப் போய் வருகிற கூட்டத்தில் ஒருவன்.

நாங்கள் வார்ப்பது பம்பு கேசிங். பச்சை மணல் மோல்டு, உள்ளே தண்ணீர் வழி உருவாக, மணலில் செய்து வைக்கும் சிலிக்கேட் கோர். ஒரு நாளைக்கு ஒரே அயிட்டம் 400 பீஸ். அதை ஒரு பேட்ச் என்று கணக்கு வைக்கிறோம். வார்ப்பைச் சுத்தம் செய்யும் பெட்லிங் முடிந்து வரும்போது எத்தனை பீஸ் தள்ளுபடி என்று நான் எழுதுகிறேன்.

மே மாதக் கடைசி வரை வந்த 20 பேட்ச், வரிசைப்படி:

14, 19, 12, 17, 22, 15, 11, 18, 16, 13, 24, 15, 17, 10, 19, 16, 14, 20, 13, 15

பதினொன்றாவது பேட்சைப் பாருங்கள். 24 பீஸ், அதாவது 6 சதவீதம். அன்றைக்கு ஜி.எம். எல்லோரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். மணல் பிளாண்டில் இருப்பவர் பயந்துபோய் தண்ணீர் அளவை மாற்றினார். அடுத்த நாள் 15. "பார்த்தாயா, கேட்டால்தான் வேலை நடக்கிறது" என்றார் ஜி.எம். ஐந்தாவது பேட்ச் 22 வந்தபோதும் இதே கதைதான். அடுத்த நாள் 15.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். எத்தனை பீஸ் வந்தால் உண்மையிலேயே ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்? தினசரி எண்ணுக்கு மேலும் கீழும் எல்லைக்கோடு வைத்துக் கன்ட்ரோல் சார்ட் போடு என்கிறார்கள். பயிற்சி வகுப்பில் போட்டிருக்கிறேன், ஆனால் அது ஷாஃப்ட் விட்டத்துக்கு. ரிஜெக்‌ஷன் எண்ணிக்கைக்கு எப்படிப் போடுவது?

கொழிஞ்சாம்பாறை ரவி

இதில் குழப்பமே இல்லை நண்பா. கஸ்டமர் எத்தனை சதவீதம் ஒத்துக்கொள்கிறார்? எங்களுக்கு 3 சதவீதம். கிராஃப் தாளில் 3-இல் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டோம். மேலே போனால் கூட்டம், கீழே இருந்தால் டீ. அவ்வளவுதான்.

பழைய மணல்

ரவி, அந்தச் சிவப்புக் கோடு கஸ்டமருடைய ஆசை. உங்கள் உலைக்கும் மணலுக்கும் அந்த ஆசை தெரியாது. வாளையார்தாண்டியின் பவுண்டரியில் 3-இல் கோடு போட்டால், அதாவது 12 பீஸில், இருபதில் மூன்று நாள்தான் டீ கிடைக்கும். பாக்கிப் பதினேழு நாளும் கூட்டம். அதில் ஒரு கூட்டத்திலும் காரணம் கிடைக்காது, ஏனென்றால் அந்தப் பதினேழு நாளும் ஒரே மாதிரி நாட்கள்.

கேட்பவர் வேறு கேள்வி கேட்கிறார். "நல்லதா கெட்டதா" என்பது அவர் கேள்வி இல்லை. "நேற்றைய நிலைமை மாறிவிட்டதா இல்லையா" என்பதுதான். 4 சதவீதம் கெட்டதாகவே இருக்கலாம். ஆனால் தினமும் அதே 4 சதவீதம்தான் என்றால் நேற்றைக்கு என்ன நடந்தது என்று தேடிப் பயன் இல்லை. குறைக்க வேண்டுமானால் முறையையே மாற்ற வேண்டும். அது வேறு வேலை.

தம்பிக்குக் கணக்கு சொல்கிறேன். பீளமேட்டில் முப்பது வருஷம் இதே தொழிலில் இருந்தேன். இப்போது ஓய்வு. பையன்களுக்குப் புளியங்கொட்டை வைத்துத்தான் காட்டுவேன். ஒரு சாக்கில் பத்தாயிரம் கொட்டை. அதில் 400 கொட்டைக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கும். நூற்றுக்கு நான்கு. சாக்கை நன்றாகக் குலுக்கிக் கண்ணை மூடி 400 கொட்டை அள்ளச் சொல்வேன். வெள்ளைக் கொட்டை 16 வர வேண்டும், இல்லையா? ஒருத்தன் 11 எடுப்பான், ஒருத்தன் 21 எடுப்பான். 21 எடுத்தவனைத் திட்டுவேன், 11 எடுத்தவனுக்கு ஐந்து ரூபாய் கொடுப்பேன். அடுத்த தடவை திட்டு வாங்கியவன் 14 எடுப்பான், பரிசு வாங்கியவன் 18 எடுப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கதை அவ்வளவுதான்.

உங்கள் 20 பேட்சைக் கூட்டினால் 320. நாளொன்றுக்குச் சராசரி 16, அதாவது 4 சதவீதம். இதுதான் நடுக்கோடு. இனி அலைச்சல். 16-ஐ 0.96-ஆல் பெருக்குங்கள், அந்த 0.96 நல்ல பீஸின் பங்கு. 15.36 வரும். வர்க்கமூலம் 3.92, இதைத்தான் சிக்மா என்பார்கள். அதில் மூன்று மடங்கு 11.76. நடுக்கோட்டில் கூட்டினால் 27.76, கழித்தால் 4.24. ஆக 5 முதல் 27 பீஸ் வரை எது வந்தாலும் சாக்குக் குலுங்கியது என்று அர்த்தம். 28 வந்தால் தேடுங்கள். 4 வந்தாலும் தேடுங்கள்.

உங்கள் 24 உள்ளேதான் இருக்கிறது. ஜி.எம். புளியங்கொட்டையைத் திட்டியிருக்கிறார்.

வாளையார்தாண்டி

அண்ணா, படித்ததும் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன், பஸ்ஸில் இருக்கிறேன். ஆனால் 5 முதல் 27 வரை என்றால் 1.25 சதவீதத்திலிருந்து 6.75 சதவீதம் வரை. இவ்வளவு அகலமா? இதைக் கொண்டு போய்க் காட்டினால் "தப்பிக்க வழி கண்டுபிடித்திருக்கிறாய்" என்பார்கள்.

பழைய மணல்

அகலம் நான் வைத்தது இல்லை தம்பி. 400 பீஸ் பார்த்து நூற்றுக்கு நான்கு என்கிற விஷயத்தைப் பேசினால் அவ்வளவுதான் துல்லியம் கிடைக்கும். இன்னும் கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் நிறைய பீஸ் எண்ண வேண்டும்.

மணல் பிளாண்ட்காரர் விஷயத்தை விடாதீர்கள். சாதாரண ஏற்றத்துக்கு ஒரு தடவை தண்ணீரைக் குறைத்தார். அடுத்து எப்போதாவது வேறு குறை தென்பட்டால் கூட்டுவார். இப்படி ஒவ்வொரு நாளின் எண்ணுக்கும் ஒரு தடவை குழாயைத் திருப்பினால் மணலின் ஈரமே அலைய ஆரம்பித்துவிடும், இல்லாத அலைச்சலை நாமே உண்டாக்கிக்கொள்வோம். ஈரத்தை மணலைச் சோதித்து மாற்றச் சொல்லுங்கள், ரிஜெக்‌ஷன் புத்தகத்தைப் பார்த்து வேண்டாம்.

எக்செல் மணி

நல்ல விளக்கம் சார். ஆனால் இவ்வளவு சுற்ற வேண்டாம். எக்செல்லில் 20 எண்ணையும் போட்டு `STDEV` எடுத்து மூன்றால் பெருக்கினால் முடிந்தது. நான் போட்டுப் பார்த்தேன், 3.6 வருகிறது. உங்கள் 3.92-க்குக் கிட்டத்தட்ட சரி. நான் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் செய்கிறேன். புது டேட்டா வர வர ரேஞ்சை நீட்டிக்கொண்டே போவேன், கோடு தானாக அப்டேட் ஆகும்.

பழைய மணல்

மணி, இந்த 20-க்குக் கிட்டத்தட்ட சரியாக வந்தது நல்ல செய்திதான். டேட்டா சாக்குப் போலவே நடந்துகொள்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. உங்கள் கடைசி வரியில்தான் வில்லங்கம் இருக்கிறது. தம்பி ஜூன் மாதக் கணக்கைக் கொண்டு வரட்டும், அதை வைத்தே காட்டுகிறேன்.

மீனாட்சிபுரம் எஸ்

நானும் ஆய்வு மேசையில்தான் இருக்கிறேன், வேறு கம்பெனி. கீழ்க்கோட்டைப் பற்றிப் பழைய மணல் ஐயா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் ஒரு தடவை தொடர்ந்து மூன்று நாள் ஒற்றை இலக்கம், அதில் ஒரு நாள் 2 பீஸ். எல்லோரும் கை குலுக்கினார்கள். நான் லீவில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஆய்வு மேசைக்கு மேலே இருந்த இரண்டு டியூப் லைட்டில் ஒன்று எரியவில்லை. புதிதாக உட்கார வைத்த பையனுக்கு ஊசித் துளை கண்ணில் படவே இல்லை. அந்தப் பீஸெல்லாம் பின்னால் திரும்பி வந்தது.

கீழே போன புள்ளியையும் திறந்து பாருங்கள். நல்லது நடந்திருந்தால் என்ன செய்தோம் என்று தெரியும், இல்லாவிட்டால் யார் பார்க்காமல் விட்டார்கள் என்று தெரியும்.

ஆரம்பாக்கம்காரன்

இங்கே நுழையலாமா? நான் தமிழ்நாட்டின் இந்தக் கோடியில், தடாவுக்கு முன்னால். வேலை ஆந்திரா எல்லைக்குள். பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனி. ஒரு பேட்ச் 20,000 மூடி, எல்லாவற்றையும் கேமரா பார்த்துத் தள்ளும். சராசரி 0.5 சதவீதம்.

ஐயா சொன்ன கணக்கை அப்படியே போட்டேன். கோடுகள் 0.35-க்கும் 0.65-க்கும் வருகின்றன. எங்கள் தினசரி எண் 0.3, 0.7, 0.45, 0.8, 0.4 என்று ஓடும். பாதிக்கு மேல் புள்ளிகள் கோட்டுக்கு வெளியே. தினமும் தீப்பிடித்த மாதிரி இருக்கிறது. ஆக இந்த சார்ட் எங்களுக்குப் பொருந்தாது, சரிதானே?

வாளையார்தாண்டி

இதோ ஜூன். மழை ஆரம்பித்த பிறகு எட்டு பேட்ச். எல்லாம் 400 பீஸ்:

21, 18, 23, 19, 25, 20, 22, 26

ஒன்றுகூட 28 ஆகவில்லை. அண்ணா கொடுத்த கோட்டை நம்பி நானும் தேடவில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை.

எக்செல் மணி

எல்லாம் உள்ளே இருக்கிறது. கன்ட்ரோலில் இருக்கிறது. நிம்மதியாக இருங்கள்.

பழைய மணல்

மனசு ஒப்பாதது சரி. எட்டும் 16-க்கு மேலே. சாக்கு அப்படியே இருந்தால் ஒரு புள்ளி நடுக்கோட்டுக்கு மேலே வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. எட்டும் மேல் பக்கமே விழுவது நாணயத்தை எட்டு தடவை சுண்டி எட்டும் தலையே விழுவது மாதிரி. 256-க்கு ஒரு தடவை நடக்கும். நான் சாக்கு மாறிவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன்.

கோட்டைத் தாண்டட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் ஜூன் சராசரி 21.75, அதாவது 5.4 சதவீதம். அந்த நிலைமையில் ஒரு பேட்ச் 28-ஐத் தொட ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்புதான். சராசரியாகப் பத்து பேட்ச் போன பிறகுதான் சார்ட் வாயைத் திறக்கும். அதற்குள் கூடுதலாக அறுபது கேசிங் உடைத்து உலையில் போட்டிருப்பீர்கள். சின்ன நகர்வைப் பிடிப்பதில் மூன்று சிக்மா கோடு மந்தம். அதனால்தான் தொடர்ச்சியைப் பார்க்கும் விதியையும் சேர்த்து வைத்தார்கள். ஷூஹார்ட் என்பவர் 1924-இல் இந்த சார்ட்டை முதலில் வரைந்தது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்கிற அமெரிக்கக் கம்பெனியில். ஒரே பக்கம் எட்டு புள்ளி என்கிற விதிக்கும் அந்தக் கம்பெனியின் பெயரைத்தான் சொல்வார்கள்.

மணி, இப்போது உங்கள் தானாக அப்டேட் ஆகும் கோட்டுக்கு வருவோம். 28 எண்ணையும் சேர்த்து `STDEV` எடுங்கள். சராசரி 17.6, சிக்மா 4.26. மேல்கோடு 27-லிருந்து 30-க்குப் போய்விட்டது, நடுக்கோடும் ஏறிவிட்டது. 18 வந்த பேட்ச் இப்போது நடுக்கோட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னும் பத்து பேட்ச் சேருங்கள், நோய் வந்த நாளையும் நல்ல நாளாக எண்ணிக் கோடு பழகிவிடும். ஜுரம் ஏற ஏறத் தெர்மாமீட்டரில் அடையாளக் கோட்டைத் தள்ளி வைப்பவரை என்ன சொல்வீர்கள்? நல்லபடி ஓடிய 20 பேட்சில் கோட்டைப் போட்டுவிட்டு அதைத் தொடக்கூடாது. புது எண்களை அந்தக் கோட்டுக்கு எதிரே வைக்க வேண்டும்.

எக்செல் மணி

சரி சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பயிற்சியில் ஏழு புள்ளி என்றுதான் சொன்னார்கள். நீங்கள் எட்டு என்கிறீர்கள்.

மீனாட்சிபுரம் எஸ்

எங்கள் கணினியில் ஒன்பது என்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு எண்.

பழைய மணல்

ஏழு என்றால் சீக்கிரம் கூவும், பொய்யாகவும் கொஞ்சம் அதிகமாகக் கூவும். ஒன்பது என்றால் தாமதம். ஏதாவது ஒன்றை முன்கூட்டியே சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். புள்ளியைப் பார்த்த பிறகு விதியைத் தேர்ந்தெடுப்பதுதான் தப்பு.

வாளையார்தாண்டி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். இந்த எண் வார்த்த தேதிப்படியா, ஆய்வு செய்த தேதிப்படியா? கஸ்டமர் மெஷினிங்கில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதைச் சேர்த்தீர்களா?

வாளையார்தாண்டி

வார்த்த தேதிப்படி. பீஸில் ஹீட் நம்பர் இருக்கிறது, அதை வைத்துப் பிரிக்கிறேன். கஸ்டமர் ரிட்டர்னைச் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லி ஒரு உத்தரவு வந்திருக்கிறது.

பழைய மணல்

சேர்க்காதீர்கள். தோலுக்கு அடியில் இருக்கும் துளை மெஷினிங் செய்தால்தான் வெளியே வரும், அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதைப் பழைய பேட்ச் கணக்கில் ஏற்றினால் பழைய புள்ளிகளெல்லாம் முழு எண், புதுப் புள்ளிகள் அரை எண். சார்ட் எப்போதும் வலது பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும், ஜி.எம். எப்போதும் சந்தோஷமாக இருப்பார். ரிட்டர்னுக்குத் தனி சார்ட் போடுங்கள்.

ஜூன் மாதத்து 174 பீஸையும் குறை வாரியாகப் பிரிக்க முடியுமா?

வாளையார்தாண்டி

நேற்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். முதல் 20 பேட்சில் வாயுத் துளை மொத்தம் 100, அதாவது பேட்சுக்கு 5. மற்றதெல்லாம், மணல் சேர்க்கை, உடைவு, மோல்டின் இரு பாதி விலகுவது, எல்லாம் சேர்த்துப் பேட்சுக்கு 11.

ஜூன் எட்டு பேட்சில் வாயுத் துளை 88. பேட்சுக்கு 11! மற்றது 86, அதாவது ஏறக்குறைய அதே 11.

மொத்த எண்ணைப் பார்த்தால் 16-லிருந்து 22 என்று மெதுவாகத் தெரிகிறது. துளையை மட்டும் பார்த்தால் இரட்டிப்பாகியிருக்கிறது.

பழைய மணல்

துளை எங்கே? வெளித் தோலிலா, உள் வழியிலா?

வாளையார்தாண்டி

பெரும்பாலும் உள்ளே, தண்ணீர் போகும் வழியின் சுவரில். கோர் பட்ட முகம். வெளியே மிகக் குறைவு.

கொழிஞ்சாம்பாறை ரவி

மழைக்காலம் இல்லையா, மணலில் ஈரம் ஏறியிருக்கும். பென்டோனைட் களிமண்ணைக் கூட்டுங்கள்.

பழைய மணல்

ரவி, மோல்டு மணலில் ஈரம் அதிகம் என்றால் முதலில் வெளித் தோலில்தான் தெரிந்திருக்கும். துளை உள்ளே இருக்கிறது, கோரை ஒட்டி. சிலிக்கேட் கோர் ஈரம் குடிக்கும். வாயு விட்டு இறுக்கிய அன்றே பயன்படுத்தினால் தொந்தரவு இல்லை. ராத்திரி முழுக்கத் திறந்த ரேக்கில் வைத்துவிட்டு மறுநாள் மோல்டில் வைத்தால், உருகிய இரும்பு பட்டதும் குடித்த ஈரமெல்லாம் வாயுவாகக் கிளம்பும். வென்ட் வழியாகப் போக முடியாதது உலோகத்துக்குள் புகுந்து துளையாக நிற்கும்.

கஞ்சிக்கோடு பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. தென்மேற்குக் காற்று வந்தால் நேரே உங்கள் கோர் ஷாப் ஜன்னலுக்குள்தான் வரும். உங்கள் கோர் எத்தனை மணி நேரம் ரேக்கில் இருக்கிறது?

வாளையார்தாண்டி

கேட்டுவிட்டு வந்தேன். பதிவேடு கிடையாது. கோர் ஷாப்பில் இருக்கும் சேட்டன் சொன்னது: மே மாதம் பாதி கோர் அன்றன்றைக்கே போய்விடும். ஜூனில் ஒரு கோர் பெட்டி ரிப்பேர். அதனால் இரண்டாம் ஷிஃப்டில் செய்து மறுநாளுக்கு அடுக்கி வைக்கிறார்கள். இப்போது எல்லாக் கோரும் ராத்திரி தங்குகிறது. ரேக் மேற்கு ஜன்னல் ஓரம்.

பழைய மணல்

சந்தேகத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் 400 மோல்டில் 200-க்கு அன்றைய கோர், 200-க்கு ராத்திரி தங்கிய கோர். கோர் பிரிண்டில் சுண்ணாம்பு அடையாளம் போதாது, ஊற்றும்போது அழிந்துவிடும். மோல்டு வரிசையைப் பிரித்து ஹீட் நம்பரில் வேறுபாடு வையுங்கள். மூன்று நாள் செய்தால் இரு பக்கமும் 600 பீஸ் கிடைக்கும்.

ஆரம்பாக்கம்காரன்

என் மூடியை மறந்துவிட்டீர்கள்.

பழைய மணல்

மறக்கவில்லை. உங்களுடையது கஷ்டமான கேள்வி, அதனால் தள்ளிப் போட்டேன்.

புளியங்கொட்டைக் கணக்கு ஒரே ஒரு சாக்கை நினைத்துக்கொள்கிறது. தினமும் அதே நூற்றுக்கு அரை, அலைவது அள்ளும் கை மட்டுமே. 20,000 மூடி அள்ளினால் கையின் அலைச்சல் மிகச் சிறியது, கோடு நெருங்கிவிடும். ஆனால் உங்களிடம் சாக்கே தினம் கொஞ்சம் மாறுகிறது. பிளாஸ்டிக் மணியின் லாட், அச்சின் சூடு, ஏதோ ஒன்று. 400 பீஸில் அந்த மாற்றம் அள்ளும் கையின் அலைச்சலில் ஒளிந்துகொள்ளும். 20,000 பீஸில் ஒளிய இடம் இல்லை.

ஒரு வழி: தினசரிச் சதவீதத்தைச் சாதாரண அளவு போல எடுத்து, அடுத்தடுத்த இரண்டு நாளின் வித்தியாசங்களின் சராசரியை 2.66-ஆல் பெருக்கிக் கோடு போடுவது. நீங்கள் கொடுத்த ஐந்து எண்ணில் வித்தியாசம் 0.4, 0.25, 0.35, 0.4, சராசரி 0.35. பெருக்கினால் 0.93. உங்கள் 0.5-இல் கூட்டினால் மேல்கோடு 1.43, கீழ்க்கோடு இல்லை. ஐந்து எண் போதாது, குறைந்தது இருபது வேண்டும், ஆனால் போகிற திசை தெரிகிறது. இதையே பி சார்ட்டுக்குள், அதாவது நீங்கள் போட்ட சதவீத சார்ட்டுக்குள், கொண்டு வந்து 2002-இல் லேனி என்பவர் ஒரு முறை கொடுத்தார். மென்பொருளில் அந்தப் பெயரிலேயே இருக்கும்.

மீனாட்சிபுரம் எஸ்

ஐயா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 0.3-க்கும் 0.8-க்கும் நடுவே குதிக்கிற பேட்சுகளை ஒரே கோட்டுக்குள் அடைத்துவிட்டு "எல்லாம் சாதாரணம்" என்றால், கஞ்சிக்கோட்டு ஜி.எம். செய்ததற்கு நேர் எதிரான தப்பு. அந்தக் குதிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. பி சார்ட் அதைத்தானே கூவிச் சொல்கிறது? கூவுகிற வாயை அடைக்கக் கோட்டை அகலமாக்குகிறோம்.

பழைய மணல்

பாதி ஒத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது என்பது சரி. ஆனால் தினமும் கூவினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அகலக் கோட்டைப் போட்டு அதையும் தாண்டுவதை இன்றைக்குப் பாருங்கள். நாளுக்கு நாள் ஏன் இவ்வளவு குதிக்கிறது என்பதைத் தனி வேலையாக எடுங்கள்.

மீனாட்சிபுரம் எஸ்

தனி வேலை என்று சொன்ன வேலை எதுவும் இதுவரை யார் கம்பெனியிலாவது நடந்திருக்கிறதா ஐயா?

ஆரம்பாக்கம்காரன்

நடக்கவில்லை அக்கா. அதனால்தான் இங்கே வந்தேன். எங்களிடம் இரண்டு அச்சு மாறி மாறி ஓடும். அதை வைத்துப் பிரித்துப் பார்க்கிறேன்.

எக்செல் மணி

பேட்ச் அளவு தினமும் மாறினால் என்ன செய்வது? எங்களுக்கு ஒரு நாள் 400, ஒரு நாள் 60. நேற்று 60-இல் 5 கெட்டது, 8.3 சதவீதம். பெரிய சண்டை.

பழைய மணல்

சதவீதத்தில் வரையுங்கள், ஒவ்வொரு பேட்சுக்கும் அதனதன் கோடு. கோடு படிக்கட்டு மாதிரி வரும், பரவாயில்லை. சராசரிச் சதவீதம் `F1`-இல், பேட்ச் அளவு `B2`-இல் இருந்தால்:

```
மேல்கோடு:  =$F$1+3*SQRT($F$1*(1-$F$1)/B2)
கீழ்க்கோடு: =MAX(0,$F$1-3*SQRT($F$1*(1-$F$1)/B2))
```

உங்கள் சராசரியும் 4 சதவீதம் என்று வைத்தால், 60 பீஸுக்கு மேல்கோடு 11.6 சதவீதம். 6 பீஸ் வரை பேசாமல் இருக்க வேண்டும், 7 வந்தால் பார்க்க வேண்டும். கீழ்க்கோடு பூஜ்யம், அதாவது நல்ல பக்கம் சார்ட் குருடு. இவ்வளவு சின்ன பேட்சில் இந்த சார்ட் மேலேயும் அரைகுறைதான். முடிந்தால் நான்கைந்து பேட்சைச் சேர்த்து ஒரு புள்ளியாக்குங்கள். சண்டை வேண்டாம்.

வாளையார்தாண்டி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மூன்று நாள் சோதனை நடந்தது. அன்றைய கோர் 600 பீஸில் வாயுத் துளை 8. ராத்திரி தங்கிய கோர் 600-இல் 25. சேட்டனே ஆடிப்போய்விட்டார்.

ரிப்பேர் கோர் பெட்டி வரும்வரை இரண்டாம் ஷிஃப்ட் கோரை உலர்த்தும் அடுப்பில் வைத்து, காலையில் எடுத்த சூட்டோடு மோல்டுக்கு அனுப்புகிறோம். ரேக்கையும் ஜன்னலை விட்டு நகர்த்தினோம். ரேக் நகர்த்தியதா அடுப்பா எது வேலை செய்தது என்று கேட்காதீர்கள், இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏழு பேட்ச்: 17, 14, 18, 12, 16, 29, 15

29 பழைய கோட்டைத் தாண்டியது. அன்றைக்கே ஓடிப்போய்ப் பார்த்தேன். துளை வழக்கம் போல 5. ஆனால் உலோகம் முழுக்க ஓடாமல் உறைந்தது மட்டும் 14. மதியம் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது, லேடிலில் காத்திருந்த உலோகம் ஆறியதை அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் காரணம் கிடைத்தது. 24 வந்த நாளில் ஒரு வாரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை, இப்போதுதான் ஏன் என்று புரிகிறது.

ஜி.எம்.மிடம் சார்ட்டைக் காட்டினேன். 29-ஐப் பற்றிச் சரியாகக் கேட்டார். அப்புறம் 18-ஐக் காட்டி "இது ஏன்?" என்றார்.

அண்ணா, இனி கோட்டைப் புதிதாகக் கணக்குப் போடலாமா?

பழைய மணல்

வேண்டாம். 29-ஐ விட்டுவிட்டால் ஆறு பேட்சின் சராசரி 15.3, பழைய 16-இலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பழைய நிலைமைக்குத் திரும்பியிருக்கிறீர்கள், புது நிலைமைக்கு வரவில்லை. கோர் எல்லாம் அன்றன்றைக்கே போகும் முறை வந்து, எட்டுப் புள்ளி நடுக்கோட்டுக்குக் கீழே விழுந்தால் அப்போது பேசலாம். எட்டு, ஏழு இல்லை.

எக்செல் மணி

எங்கள் சுவரில் ஏழு என்று எழுதிவிட்டேன் சார்.

ஆரம்பாக்கம்காரன்

அச்சு வாரியாகப் பிரித்தேன். முதல் அச்சு 0.3 முதல் 0.45-க்குள். இரண்டாவது 0.4-இலிருந்து 0.8 வரை. முதல் அச்சுக்குப் பி சார்ட் கிட்டத்தட்ட பொருந்துகிறது. இரண்டாவது இன்னும் குதிக்கிறது. அக்கா சொன்னது சரி போலிருக்கிறது, ஆனால் இரண்டாவது அச்சில் என்ன என்று தெரியவில்லை. அதில் பதினாறு குழி. கேமரா எந்தக் குழி மூடி என்று எழுதி வைப்பதில்லை.

மீனாட்சிபுரம் எஸ்

மூடிக்கு உள்பக்கம் பாருங்கள். சில அச்சில் குழி எண் பொறித்திருப்பார்கள். தள்ளின மூடியை ஒரு நாள் கூடையில் சேர்த்து வைத்துக் கையால் எண்ணுங்கள்.

ஆரம்பாக்கம்காரன்

இருக்கிறது அக்கா, பொடி எழுத்தில். நாளை ஷிஃப்டில் கூடை வைக்கிறேன்.